விழுப்புரத்துக்குள் போன மரக்காணத்துப் புகார்

திண்டிவனத்தில் நான் வேலை பார்த்த ஆபீஸ் ஒரு உரக்கடையின் மாடியில் இருந்தது. படியேறும்போதே யூரியா வாசனை வரும். மேலே வந்தால் மூன்று மேஜை, மூன்று கம்ப்யூட்டர், இரண்டு போன். ரத்தப் பரிசோதனை லேப்களுக்கும் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கும் ரிப்போர்ட் அடித்துக் கொடுக்கிற சாஃப்ட்வேரை சென்னையில் எழுதினார்கள். அதில் ஏதாவது கோளாறு என்றால் எங்களுக்குப் போன் வரும். நாங்கள் அதை டிராக்கர் என்ற கம்ப்யூட்டர் புகார்ப் பதிவேட்டில் ஒரு டிக்கெட்டாக எழுதி, நம்பர் சொல்லி, சென்னைக்கு அனுப்ப வேண்டும். "என் பொண்ணு டிக்கெட் போடுற வேலையில இருக்கா" என்று அப்பா சொல்லப்போய், தெருவில் பாதிப் பேர் என்னைப் பெண் கண்டக்டர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இது இரண்டாயிரத்துப் பத்து தாண்டிய சமயம். எங்கள் மூன்று பேரில் ஒருத்தி பிரசவத்துக்குப் போயிருந்தாள். மிச்சம் நானும் என் தோழியும். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மூன்று வருஷம் ஒரே டப்பாவில் சாப்பிட்டோம். அவள் வீட்டு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைச் சட்னிக்காகவே நான் வெறும் இட்லியைக் கட்டிக்கொண்டு போவேன்.

வேலையில் கஷ்டமே டிக்கெட் எழுதுவது அல்ல, எழுதாமல் இருப்பதுதான். ஒரே கோளாறுக்குப் பத்து லேப்பிலிருந்து போன் வரும், பத்தும் பத்து விதமாகச் சொல்லும். ஒருவர் "பேப்பர் காலியா வருதுங்க" என்பார். இன்னொருவர் "தலைப்பு மட்டும் வந்துட்டு நின்னுக்கினு கீது" என்பார். இரண்டும் ஒன்றுதான். அதே சமயம், இரண்டு பேர் வார்த்தை மாறாமல் "பிரிண்டர் போயிடிச்சி" என்பார்கள். ஒருவருக்கு எலி ஒயரைக் கடித்திருக்கும், மற்றவருக்கு நேற்று நாங்கள் அனுப்பிய அப்டேட் கடித்திருக்கும். வார்த்தையை நம்பினால் தொலைந்தோம். எந்தத் திரையில் இருந்தார்கள், கடைசியாக எதை அழுத்தினார்கள், சாஃப்ட்வேரின் எந்தப் பதிப்பு என்று மூன்றும் கேட்டு, அதைக்கொண்டு தேடினால்தான் இரட்டை டிக்கெட் அகப்படும்.

அகப்பட்டதும் ஒன்றை இன்னொன்றில் சேர்க்க வேண்டும். பழையதை முதன்மையாக வைத்துக்கொண்டு புதியதை அதற்குள் சேர்ப்பதுதான் எங்கள் வழக்கம். அப்போதுதான் கோளாறு என்றைக்குத் தொடங்கியது, முதலில் யார் சொன்னார்கள் என்பதெல்லாம் நிற்கும். எங்கள் டிராக்கர் மலிவு விலைச் சரக்கு. சேர்த்தால், உள்ளே போகிற டிக்கெட்டின் கமெண்டுகள் மட்டும் கூடவே போகும், அதுவும் சேர்த்த நேரத்தையே தேதியாகப் போட்டுக்கொள்ளும். மேலே முதலில் எழுதிய விவரம் போகாது, அங்கேயே அழிந்துவிடும். சேர்த்ததைத் திரும்பப் பிரிக்கவும் முடியாது. எங்களுக்கு அந்த விவரம்தான் உயிர். போனில் பேசுகிறவர்களுக்கு ஈமெயில் ஏது? அதனால் 'புகார் தந்தவர்' என்ற கட்டத்தில் எல்லா டிக்கெட்டிலும் எங்கள் ஆபீஸ் முகவரியே இருக்கும். உண்மையில் கூப்பிட்டவரின் பெயரும் ஊரும் நம்பரும் விவரத்தின் முதல் வரியில்தான் இருக்கும்.

ஆகவே சேர்ப்பதற்கு முன்னால் அந்த விவரம் முழுவதையும் எடுத்து, எழுதிய தேதியோடு முதன்மை டிக்கெட்டில் கமெண்டாக ஒட்ட வேண்டும். கூப்பிட்டவரின் நம்பரைத் தகவல் போகிற பட்டியலில் ஏற்ற வேண்டும். 'உங்கள் புகார் முடிந்தது' என்று போகிற எஸ்எம்எஸ்ஸை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் ஒன்றும் முடியாத ஆளுக்கு முடிந்தது என்று போய்விடும். இதெல்லாம் ஆன பிறகே சேர்க்கிற பட்டனைத் தொட வேண்டும். இந்தச் சட்டத்தை நானும் தோழியும் சேர்ந்துதான் போட்டோம். எழுதி சுவரில் ஒட்டியது அவள் கையெழுத்து.

இன்னொரு வழக்கமும் உண்டு. டிராக்கருக்கு ஆளுக்கொரு லைசென்ஸ் வாங்குகிற செலவைக் கணக்குப் பார்த்து, எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே லாகின் கொடுத்திருந்தார்கள். யார் எழுதியது என்று தெரிய, விவரமோ கமெண்டோ, எதை எழுதினாலும் கடைசியில் அவரவர் பெயரின் முதலெழுத்தைப் போடுவோம். யாரும் யார் எழுத்தையும் போட முடியும் என்பது எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவளைப் பற்றி அப்படித் தோன்றுமா என்ன?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மரக்காணம் லேப்பிலிருந்து அங்கே டெக்னீஷியனாக இருந்த பெண் கூப்பிட்டாள். பக்கத்துக் கடலோரக் குப்பத்துப் பெண். வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள், இவள் ஒருத்திதான் படித்து வெள்ளைக் கோட்டு போட்டவள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"அக்கா, ஒரே பேரு, ஒரே வயசு, ரெண்டு அம்மா வந்திருந்தாங்க. ரெண்டாவது அம்மாவ என்ட்ரி பண்ணா மொத அம்மா பக்கமே தொறக்குது. நான் பாக்காம உட்டுருந்தா இவங்க சுகரு அவங்க பேர்ல போயிருக்கும். ஓனராண்ட சொன்னேன், கம்பெனிக்கு போன் போடுன்னாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பக்கம் ஒரு சாமி பெயரைத் தெருவுக்குப் பத்துப் பேர் வைத்திருப்பார்கள். வயதைக் கேட்டால் எல்லாரும் அறுபது என்பார்கள். ஊர் தெரியாத யாரோ எழுதிய சாஃப்ட்வேர், பெயரும் வயதும் ஒன்றாக இருந்தால் ஆளும் ஒன்றே என்று முடிவு கட்டியிருக்கிறது. உடனே டிக்கெட் எழுதினேன். முதல் வரியில் அவள் பெயர், லேப், போன் நம்பர். சரியாகும்வரை சீட்டில் பில் நம்பரையும் கையால் எழுதி, அதைப் பார்த்தே ரிப்போர்ட் கொடுக்கச் சொன்னேன். டிக்கெட் நம்பரையும் சொன்னேன். லேப் நோட்டின் பின்னட்டையில் குறித்துக்கொண்டாள்.

ஆள் மாறுகிற கோளாறு என்றால் அன்றைக்கே சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்பது கண்டிப்பான விதி. அந்த வாரம் அனுப்புகிற முறை தோழியுடையது. "இது ஜல்தியா போகணும்டி" என்று அவளிடம் சொன்னேன். "போட்டுர்றேன்" என்றாள். நான் அதை நம்பிவிட்டேன். வியாழக்கிழமை அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டாள், அடுத்த திங்கட்கிழமையும் கூப்பிட்டாள். இரண்டு முறையும் அந்த டிக்கெட்டில் கமெண்ட் எழுதினேன். 'மறுபடி அழைத்தார். எப்போது சரியாகும் என்று கேட்டார்.' கீழே என் எழுத்து. யார் அழைத்தார் என்று எழுதவில்லை. மேலேதான் பெயர் இருக்கிறதே என்ற மிதப்பு. அது என் தப்புதான், அதை யார் தலையிலும் நான் கட்டவில்லை.

அடுத்த புதன்கிழமை காலை விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் அதே கோளாறு வெடித்தது. பெரிய இடம், டாக்டரே நேராகச் சென்னைக்குப் பேசி ஏறுஏறென்று ஏறிவிட்டார். தோழி அதற்குப் புது டிக்கெட் எழுதி ஐந்தே நிமிஷத்தில் அனுப்பினாள். கோளாறு எப்படி வருகிறது என்று கூடவே இருந்து பார்த்து வர என்னை விழுப்புரம் அனுப்பினார்கள். பஸ் பிடித்துப் போய், சாயங்காலம் ஆறு மணிவரை அந்த ஆஸ்பத்திரி கவுண்டரில், டோக்கன் கூப்பிடுகிற சத்தத்துக்கு நடுவே நின்றேன்.

சனிக்கிழமை மரக்காணத்துப் பெண் கூப்பிட்டாள். குரல் அழுது அடங்கிய குரல். விழுப்புரத்தில் வெடித்ததற்கு முதல் நாள், செவ்வாய்க்கிழமை, காய்ச்சல் கூட்டத்தில் ஒரு சீட்டில் பில் நம்பர் எழுதாமல் விட்டுப்போய், ஓர் அம்மாவின் ரிப்போர்ட் இன்னொரு அம்மாவிடம் போயிருக்கிறது. நல்லவேளை, டாக்டர் பார்த்ததும் சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். ஓனர் இவளைப் பிடித்துக்கொண்டார். கோளாறு தெரிந்த அன்றைக்கே கம்பெனிக்குச் சொல்லிவிட்டேன் என்று இவள் சொல்ல, அவர் சென்னைக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார். முதல் புகாரே புதன்கிழமைதான் வந்தது, அதுவும் விழுப்புரத்திலிருந்து, என்று பதில் வந்திருக்கிறது. கூடவே டிக்கெட்டின் பிரதியையும் அனுப்பியிருக்கிறார்கள்.

"நான் போன் பண்ணவே இல்ல, பொய் சொல்றேன்னு சொல்றாருக்கா. திங்கக்கெழமையோட நின்னுக்கோன்னுட்டாரு. மூணு வாட்டி பண்ணனே, நீங்கதானே எடுத்தீங்க?"

"நான்தான் எடுத்தேன். இரு, பாக்கறேன்" என்றேன்.

லேப் பெயரைப் போட்டுத் தேடினேன். ஒன்றும் இல்லை. அவள் பெயரைப் போட்டேன், அதுவும் இல்லை. பின்னட்டையைப் பார்த்து நம்பரைச் சொல்லச் சொன்னேன். போட்டதும் விழுப்புரம் டிக்கெட் திறந்தது. என் மரக்காணத்து டிக்கெட்டை அதற்குள் சேர்த்திருந்தார்கள். பழையதைப் புதியதற்குள், தலைகீழாக. விவரத்தை ஒட்டவில்லை, நம்பரை ஏற்றவில்லை. என்னுடைய இரண்டு கமெண்டும் மட்டும் புதன்கிழமைத் தேதியோடு வந்து உட்கார்ந்திருந்தன. 'மறுபடி அழைத்தார். எப்போது சரியாகும் என்று கேட்டார்.' அந்த இடத்தில் படித்தால் விழுப்புரத்து டாக்டர் மறுபடி அழைத்ததாகத்தான் யாருக்கும் தோன்றும். ஒரு வாரம் ஒரு பெண் மூன்று முறை கூப்பிட்டதற்கு அடையாளமே இல்லை.

கீழே ஒரு வரி புதிதாக இருந்தது. 'ஒரே புகார். முதலில் தெரிவித்தது விழுப்புரம் ஆஸ்பத்திரி. பழைய டிக்கெட் தவறுதலாகத் திறந்தது.' அதன் கடைசியில் என் எழுத்து.

நேரம் புதன்கிழமை மதியம் மூன்று நாற்பது. நான் விழுப்புரம் கவுண்டரில் நின்றுகொண்டிருந்த நேரம். ஆபீஸில் அவள் ஒருத்திதான் இருந்தாள்.

எனக்குக் கோபம் உடனே வரவில்லை என்பதுதான் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். எதிர் மேஜையில் அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யாருக்கோ கீபோர்டை எப்படிக் கழற்றி மாட்டுவது என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பேசி முடிக்கும்வரை காத்திருந்தேன். திரையைத் திருப்பிக் காட்டினேன்.

"இது நீதானே?"

ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். மறுக்கவில்லை. "நான் அனுப்பறதுக்கு மறந்துட்டேன்டி. எட்டு நாளு. விழுப்புரம் வந்ததும் சென்னையில பழசு எதுனா இருக்கான்னு தோண்டுவாங்க. எனக்கு ஏற்கெனவே ஒரு வார்னிங் கீது, தெரியுமில்ல? இன்னொன்னு வந்தா வீட்டுக்குப் போக வேண்டிதுதான்."

"அதுக்கு என் எழுத்து எதுக்குடி?"

"உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. உன் பேரு சுத்தமா கீது. ஒரு வார்த்த கேட்டுட்டு உட்டுருவாங்க."

"அந்தப் பொண்ணுக்கு வேல போவுதுடி."

"அது அவங்க ஓனரு பண்றது. நான் இன்னா பண்றது?"

மறந்ததை என்னால் மன்னிக்க முடிந்திருக்கும். நானே எத்தனையோ மறந்திருக்கிறேன். ஆனால் என் எழுத்தைத் தேடி அழுத்தும்போது அந்த விரல் ஒரு நொடியாவது நின்றிருக்காதா? பேர் சுத்தமாக இருக்கிறதாம், அதனால் அழுக்கைத் துடைத்துக்கொள்ளலாமாம். அன்றைக்கு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அதற்கு முன்னால் ஒன்று செய்தேன். எந்த டிக்கெட் திறந்தாலும், எழுதிய விவரம் அப்படியே ஒரு மெயிலாக ஆபீஸின் பொதுப் பெட்டிக்கு வரும். டிக்கெட்டில் அழித்தாலும் மெயில் மெயில்தான். பெட்டியில் அந்தச் செவ்வாய்க்கிழமையைத் தேடினேன். முன்னும் பின்னும் வந்த மெயில்கள் இருந்தன, அது மட்டும் இல்லை. குப்பைக்கூடையில் பார்த்தேன், இருந்தது. அதையும் யோசித்துப் போட்டிருக்கிறாள், கூடையைக் காலி செய்ய மட்டும் தோன்றவில்லை. பெயர், லேப், நம்பர், காலை பதினொன்று பத்து. பிரிண்ட் எடுத்தேன். அவள் கண் முன்னால்தான் எடுத்தேன்.

சென்னையில் எங்கள் மேனேஜருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார். "ஒரே லாகின். யார் போட்டதுன்னு நான் எப்படிம்மா சொல்றது? இத எழுத்துல கொண்டுவந்தா எனக்குத்தான் பேஜாரு. ரெண்டு பேரும் உங்களுக்குள்ள பேசிக்குங்க" என்றார். லைசென்ஸ் செலவை மிச்சம் பிடித்தவரே அவர்தான். கடைசியில், அந்த மெயிலை லேப்புக்குக் காட்டிக்கொள்ள மட்டும் அனுமதி தந்தார்.

திங்கட்கிழமை லீவு போட்டு மரக்காணம் பஸ் ஏறினேன். உப்பளம் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. வழியெல்லாம் அந்தப் பெண் காகிதத்தைப் பார்த்ததும் என்ன சொல்வாள் என்று நினைத்துக்கொண்டே போனேன். பாராட்டை எதிர்பார்த்துத்தான் போனேன், அதை ஏன் மறைக்க வேண்டும்?

லேப் ஓனர் காகிதத்தை இரண்டு முறை படித்தார். தேதியின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். "சரி, போன் பண்ணித்தான் கீற. போய் வேலயப் பாரு" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் வேலை தப்பியது.

அவள் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு என்னோடு பஸ் நிறுத்தம்வரை வந்தாள். நிழல் பார்த்து நின்றதும், கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். சென்னையிலிருந்து ஓனருக்கு வந்த பிரதி. கடைசி வரியை விரலால் காட்டினாள்.

"இந்த எழுத்து உங்களுதுதானே? நீங்க கொண்ணாந்த மெயில்லயும் இதே எழுத்துதான் கீது."

"என் எழுத்துதான். ஆனா நான் எழுதல" என்றேன். எனக்கே அது எப்படிக் கேட்டது என்று தெரிந்தது. ஒரே லாகினையும், முறை வைத்து அனுப்புவதையும், தோழி மறந்ததையும் அவசரமாகச் சொல்லத் தொடங்கினேன். சொல்லச் சொல்ல அவள் முகம் மூடிக்கொண்டே போனது.

"தப்பு பண்ணீங்க, கொண்ணாந்து குடுத்துட்டீங்க. அதோட உடுங்க. அவங்க மேல ஏன் போடுறீங்க? அவங்கதான் நேத்து எனக்குப் போன் பண்ணி, கவலப்படாதம்மா, குப்பையிலேர்ந்து பேப்பரத் தேடி எடுத்தாச்சி, நாளைக்கு கொண்ணாருவாங்கன்னு சொன்னாங்க. அவங்க சொல்லலன்னா நேத்து நான் இன்னா பண்ணியிருப்பனோ."

எனக்கு அதற்குப் பதில் இருந்தது, நிறைய இருந்தது. ஆனால் எல்லாமே இன்னொருத்தி மேல் பழி போடுகிற வாக்கியமாகவே வந்தது. திண்டிவனம் பஸ் வந்தது. "வர்றேம்மா" என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

அதற்குப் பிறகும் அந்த ஆபீஸில் ஒன்றரை வருஷம் இருந்தேன். தோழியும் இருந்தாள், எதிரே அதே மேஜையில். வேலைக்கு வேண்டியதைப் பேசிக்கொள்வோம். நான் எழுதுகிற ஒவ்வொரு கமெண்டிலும் கூப்பிட்டவரின் பெயர், ஊர், தேதி, நேரம் எல்லாவற்றையும் முழுதாக எழுதினேன். என் முதலெழுத்துப் போடுவதை விட்டு முழுப் பெயரைப் போட்டேன். அதையும் யாரும் போடலாம் என்று தெரிந்துதான் போட்டேன்.

மரக்காணத்திலிருந்து போன் வருவது நிற்கவில்லை. அந்த நம்பர் எனக்கு மனப்பாடம். எடுத்து வணக்கம் சொல்வேன்.

"மேடம், அந்த அக்கா இல்லீங்களா?"

"இருக்காங்க. குடுக்கறேன்" என்று சொல்லி ரிசீவரை எதிர் மேஜைக்கு நீட்டுவேன்.